தீபாவளி மெயிலைத் திறக்க வைப்பது எப்படி?

கேள்வி: என் கடை வாடிக்கையாளர்களுக்குத் தீபாவளி மெயில் அனுப்புகிறேன், யாரும் திறப்பதில்லை. தலைப்பும் முதல் வரியும் எப்படி எழுதுவது?

மெயிலின் தலைப்பு என்பது இன்பாக்ஸில் அனுப்புநர் பெயரோடு தெரியும் ஒற்றை வரி. அதை ஒட்டி மங்கலாக இன்னொரு துண்டு தெரியும் இல்லையா, அது பெரும்பாலும் மெயிலின் முதல் வாக்கியம்தான், செயலி தானாக எடுத்துக் காட்டுகிறது. ஃபோனில் இடம் குறைவு, தலைப்பு பாதியிலேயே வெட்டுப்படும். பண்டிகை வாரத்தில் எல்லாக் கடையும் ‘இனிய தீபாவளி நல்வாழ்த்துகள்’ என்றே தொடங்குவதால் உங்கள் விஷயம் வெட்டுப்பட்ட பக்கம் போய்விடுகிறது. பஸ்ஸின் நெற்றிப் பலகையில் ஊர் பெயருக்குப் பதில் ‘இனிய பயணம்’ என்று எழுதினால் யார் ஏறுவார்கள்?

இனிப்புக் கடை என்றால் தலைப்பு: ‘லட்டு ஆர்டர் வியாழன் வரைதான்’. முதல் வாக்கியம் அதையே திரும்பச் சொல்லாமல் அடுத்த கேள்விக்குப் பதில் சொல்லட்டும்: ‘அரை கிலோ பெட்டி முதல் கிடைக்கும், ஞாயிறு காலைக்குள் வீட்டுக்கு வந்துவிடும்.’ வாழ்த்தைத் தாராளமாகக் கடைசியில் சொல்லுங்கள். அப்புறம், பல டெம்ப்ளேட்டுகளில் மேலே ‘மெயில் சரியாகத் தெரியவில்லையா? இங்கே சொடுக்கவும்’ என்று இருக்கும், முன்னோட்டத்தில் அதுதான் போய் நிற்கும். கீழே இறக்கிவிட்டு, முதலில் உங்களுக்கே ஒன்று அனுப்பி ஃபோனில் பாருங்கள்.

திறந்தவர் எண்ணிக்கை கூடினால் தலைப்பு வென்றது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, 2021 முதல் ஆப்பிள் மெயிலின் தனியுரிமை வசதி ஆள் திறக்காமலே திறந்ததாகக் கணக்குக் காட்டக்கூடும், அதனால் எத்தனை பேர் இணைப்பைச் சொடுக்கினார்கள் என்று பாருங்கள்.