டீப் ஸ்லீப் போட்டும் பெட்டரி ஏன் தாங்கவில்லை?

ஏ.எல். மாணவர், ஹட்டன்: அண்ணா, ESP32 வைஃபை சிப்புக்கு டீப் ஸ்லீப் எழுதினேன். 10 மைக்ரோ ஆம்ப்தான் போகும் என்று படித்தேன். 2500 மில்லி ஆம்ப் அவர் பெட்டரி பத்து நாளில் முடிந்துவிட்டது. கோட் பிழையா?

கோட் சரியாகத்தான் இருக்கும் தம்பி. அந்த 10 மைக்ரோ ஆம்ப் சிப்புக்கு மட்டும். நீங்கள் வைத்திருப்பது யூஎஸ்பி குத்துகிற போர்ட்தானே? சிப் தூங்கும்போதும் அதில் சிவப்பு எல்இடி எரிகிறது. AMS1117 ரெகுலேட்டர் சும்மா இருக்கவே 5 மில்லி ஆம்ப் அளவு குடிக்கும். எல்லாம் சேர்ந்து 10 மில்லி ஆம்ப் போனால், 2500ஐ 250 மணித்தியாலத்தில் தீர்த்துவிடும். உங்கள் பத்து நாள் அதுதான்.

மல்டிமீட்டரைப் பெட்டரி வயரில் தொடராக வைத்துப் பாருங்கள். முதலில் மில்லி ஆம்ப் ரேஞ்ச். மைக்ரோ ஆம்ப் ரேஞ்சில் வைத்தே போர்டை எழுப்பினால் மீட்டருக்குள் வோல்ட் விழுந்து, போர்ட் திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும். பலர் அதைக் கோட் பிழை என்று நினைத்து அலைகிறார்கள். ஒரு துண்டு வயரால் மீட்டரின் இரு முனையையும் இணைத்து வைத்து, போர்ட் தூங்கிய பிறகு வயரை எடுங்கள்.

போர்டை விட்டுவிட்டு வெறும் ESP32 மாட்யூலை எடுத்து, LiFePO4 பெட்டரியை ரெகுலேட்டர் இல்லாமல் நேரே 3V3 பின்னுக்குக் கொடுங்கள். அது பெரும்பாலான நேரம் 3.2 வோல்ட் பக்கமே நிற்கும். சாதாரண லித்தியம் அயனை அப்படிக் கொடுக்காதீர்கள். அதன் 4.2 வோல்ட் சிப்பைக் கொன்றுவிடும்.

மரக்கறித் தோட்டம், நுவரெலியா: லீக்ஸ் பாத்தியில் மண் ஈரம் பார்க்க வேண்டும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை வேண்டும். 1500 LiFePO4 ஒன்று ஒரு வருடம் வருமா?

ஒவ்வொரு முறையும் வைஃபையில் அனுப்பினால் வராது அக்கா. இணைத்து அனுப்பி முடிக்க 4 விநாடி, சராசரி 120 மில்லி ஆம்ப் என்று வையுங்கள். ஒரு தடவைக்கு 0.13 மில்லி ஆம்ப் அவர். நாளுக்கு 96 தடவை, ஏறக்குறைய 13. நான்கு மாதம்கூடத் தாங்காது.

ஆனால் அளப்பதும் அனுப்புவதும் ஒன்றாக நடக்க வேண்டியதில்லையே. 15 நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பி, வைஃபையைத் தொடாமல் அளந்து, தூக்கத்திலும் அழியாத RTC மெமரியில் போட்டுவிட்டுத் தூங்கட்டும். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை 24 அளவையும் சேர்த்து அனுப்பட்டும். அப்போது வருடத்துக்கு அனுப்ப 195, அளக்க 120, தூக்கத்துக்கு 20 மைக்ரோ ஆம்ப் கணக்கில் 175. மொத்தம் 490 மில்லி ஆம்ப் அவர். குளிருக்கும் பெட்டரி பழசாவதற்கும் நிறைய இடம் இருக்கிறது.

ஒரு விஷயம்: மண் சென்சரை 3V3-இல் நேரே கட்டினால் அது தூங்கவே தூங்காது. ஒரு GPIO பின்னில் இருந்து பவர் கொடுத்து, அளக்கும்போது மட்டும் போடுங்கள்.

தலவாக்கலை: ஏன் இவ்வளவு பாடு? வீட்டில் 20000 பவர் பேங்க் இருக்கிறதே.

நிறையப் பவர் பேங்குகள் இழுக்கும் கரண்ட் மிகக் குறைந்தால் போன் கழன்றுவிட்டது என்று நினைத்துத் தாமே அணைந்துவிடும். உங்கள் சென்சர் நோட் நன்றாகத் தூங்கத் தூங்க, பவர் பேங்க் சீக்கிரம் அணையும்.

எலக்ட்ரோனிக்ஸ் டெக்னீஷியன், பண்டாரவளை: சேர், ரவுட்டரின் சேனலையும் BSSID என்ற அதன் அடையாள எண்ணையும் சேமித்து, ஐபியையும் நிலையாகக் கொடுத்தால் 4 விநாடி 1 விநாடி ஆகிறது. அதைச் சொல்லவில்லையே?

உண்மைதான், நானும் செய்கிறேன். ஆனால் கரண்ட் போய் வந்தால் சில ரவுட்டர்கள் வேறு சேனலில் எழும்பும். பழைய சேனலில் கிடைக்காவிட்டால் முழுதாகத் தேட வேண்டும், அதற்கும் ஒரு எல்லை வேண்டும்.

இதை அடிபட்டுத்தான் கற்றேன். ஒரு ஜூன் மாதம், காற்றில் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லை. என் நோட் வைஃபை கிடைக்கும்வரை `while`-இல் காத்திருந்தது. 120 மில்லி ஆம்ப்பில் 1500 பெட்டரி பன்னிரண்டரை மணித்தியாலம். மாலையில் கரண்ட் போனது, விடியும்போது பெட்டரி காலி. அதன் பிறகு இப்படி எழுதுகிறேன்:

```
RTC_DATA_ATTR int fails = 0;

uint32_t t0 = millis();
while (WiFi.status() != WL_CONNECTED &&
       millis() - t0 < 8000) delay(50);
if (WiFi.status() == WL_CONNECTED) fails = 0;
else if (fails < 3) fails++;
```

`fails` கூடக் கூட அடுத்த முயற்சியைத் தள்ளிப் போடுகிறேன். அளவுகள் மெமரியில் காத்திருக்கும்.

அதே டெக்னீஷியன்: மழைக் காலத்தில் மட்டும் தூக்கக் கரண்ட் 20இலிருந்து 90 மைக்ரோ ஆம்ப் ஆகிறது. ஏன்?

மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். என்னுடையதில் பனித்துளி போல நீர் கோர்த்திருந்தது, பெட்டரி ஸ்ப்ரிங்கில் பச்சைப் பூச்சு. ஈரப் படலம் வழியாகப் பின்களுக்கிடையே கசிவு ஓடுகிறது. போர்டைத் துடைத்துக் காயவைத்து வார்னிஷ் பூசியதும் 25க்கு இறங்கியது. உள்ளே போட்ட சிலிக்கா ஜெல் மழைக் காலம் முழுக்கத் தாங்குமா என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. இந்த முறை இரண்டு பெட்டியில் ஒன்றில் மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.