மீடியன்களின் மீடியன் ஏன் மொத்த மீடியன் ஆவதில்லை?

கேள்வி: மூணு சர்வருக்கும் p50 ரெஸ்பான்ஸ் டைம் தனித்தனியா இருக்கு. அந்த மூணுக்கும் மீடியன் எடுத்தா மொத்த டேட்டாவோட மீடியன் வரல. ரிக்வெஸ்ட் எண்ணிக்கை எல்லா சர்வருக்கும் சமம்தான். அப்புறம் ஏன்?

பதில்: எண்ணிக்கை சமமாக இருந்தாலும் வராது. சின்ன கணக்காகவே பார்த்துவிடலாம், எல்லாம் மில்லிசெகண்டில்:

```
10 20 50 51 52
11 12 60 61 62
13 14 70 71 72
```

மீடியன்கள் 50, 60, 70. அவற்றின் மீடியன் 60. இப்போது பதினைந்தையும் ஒன்றாக வரிசைப்படுத்தினால் நடுவில், அதாவது 8வது இடத்தில், நிற்பது 51. நம்முடைய 60 எங்கே போனது என்று தேடினால், முதல் சர்வரின் ஐந்தும், இரண்டாவதன் மூன்றும், மூன்றாவதன் இரண்டும் அதற்குள் அடங்கிவிடுவதால் அது 10வது இடத்தில் இருக்கிறது.

சரி, இப்போது சர்வர்கள் 48 49 50 51 52, 58 59 60 61 62, 68 69 70 71 72 என்று இருந்தால்? மீடியன்கள் அதே 50, 60, 70தான், ஆனால் இந்த முறை மொத்த மீடியன் 60. உள்ளே போன மூன்று எண்களும் ஒன்றே, சரியான விடை மட்டும் வேறு. அப்படியென்றால் அந்த மூன்று எண்களை வைத்துக்கொண்டு எந்த ஃபார்முலா போட்டாலும், வெயிட் கொடுத்தாலும்கூட, இரண்டுக்கும் சரியாக வர வாய்ப்பே இல்லை. நடுவில் இருப்பதைத் தவிர மற்றவை எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதை மீடியன் தூக்கி எறிந்துவிடுகிறது, மொத்தமாகச் சேர்க்கும்போது தேவைப்படுவது அதுதான். சராசரிக்கு இந்தத் தொல்லை இல்லை, கூட்டுத்தொகையும் எண்ணிக்கையும் இருந்தால் போதும்.

ஒரு ஆறுதல்: மொத்த மீடியன், குழு மீடியன்களில் மிகச் சிறியதற்கும் மிகப் பெரியதற்கும் நடுவில்தான் இருக்கும். லோட் பேலன்சர் சமமாகப் பிரித்து, எல்லா சர்வரும் ஒரே மாதிரி நடந்துகொண்டால் மீடியன்கள் நெருங்கி நிற்கும், பிழையும் தெரியாது (அதனால்தான் பல டாஷ்போர்டுகளில் இந்தத் தப்பு பல காலம் கண்ணில் படாமலே ஓடுகிறது). ஒன்றில் மட்டும் கேஷ் காலியானால் அப்போது விலகும்.

நீங்கள் ப்ரோமிதியஸ் பயன்படுத்துகிறீர்கள் என்றால் சம்மரி வகையில் வரும் p50-ஐச் சேர்க்க முடியாது. ஹிஸ்டோகிராம் வகைக்கு மாறுங்கள், பக்கெட் எண்ணிக்கைகளைத் தாராளமாகக் கூட்டலாம். முதலில் கூட்டல், அப்புறம்தான் மீடியன்:

```
histogram_quantile(0.5, sum by (le) (rate(http_request_duration_seconds_bucket[5m])))
```

இதுவும் துல்லியமான விடை இல்லை. நடு மதிப்பு விழுந்த பக்கெட்டுக்குள் மதிப்புகள் சீராகப் பரவியிருப்பதாக வைத்துத்தான் கணக்குப் போடுகிறது, ஆகவே பிழை அந்த பக்கெட்டின் அகலத்தைத் தாண்டாது. உங்கள் ரெஸ்பான்ஸ் டைம் 50 முதல் 70 வரை என்றால் அந்த இடத்தில் பக்கெட் எல்லைகளை நெருக்கமாக வையுங்கள்.