தக்காளி விலை ஆப் செய்யும் முன் விவசாயிகளிடம் என்ன கேட்பது?

"சொந்த ஊர் பாலக்கோடு. சுற்றியுள்ள மண்டிகளின் தக்காளி விலையைத் தினமும் காட்டுகிற மொபைல் ஆப் ஒன்று செய்ய ஆசை. கோடிங் தொடங்கும் முன் விவசாயிகளைப் பேட்டி எடுத்து, உண்மையிலேயே தேவை இருக்கிறதா பார் என்கிறார்கள். கேள்வித்தாளை எப்படித் தயார் செய்வது?"

முதலில் கேள்விகளை விடுங்கள். ஆப் ஓட வேண்டுமென்றால் எதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். உங்களுக்கு மூன்று வரி வரும். பறிப்புக்கு ஆள் சொல்லும் நேரத்தில் விவசாயிக்கு விலை தெரியாமல் இருக்க வேண்டும். தெரிந்தால் மண்டியையோ பறிக்கும் நாளையோ அவரால் மாற்ற முடிய வேண்டும். மாற்றினால் வண்டி வாடகை போக கையில் ஏதாவது மிஞ்ச வேண்டும். மூன்றில் ஒன்று பொய் என்றாலும் ஆப்பைப் போனில் ஏற்றுவார்கள், ஆனால் திறக்க மாட்டார்கள். என் பார்வையில் இரண்டாவதுதான் முதலில் ஆட்டம் காணும். அதனால் பேட்டியின் பாதி நேரத்தை அதற்கே ஒதுக்குங்கள்.

யாரிடம் பேசுவது? கடந்த இரண்டு வாரத்துக்குள் பறித்து விற்றவர்களிடம் மட்டும். போன வருஷம் தக்காளி போட்டவர் நினைவிலிருந்து சொல்வார், அதில் பாதி ஊர்ப்பேச்சு கலந்திருக்கும். சொந்தக்காரர்களை விட்டுவிடுங்கள், உங்கள் மனசு நோகக் கூடாதென்றே பேசுவார்கள். மண்டியில் முன்பணம் வாங்கியவர்கள், வாங்காதவர்கள் இரண்டு பக்கமும் ஐந்தாறு பேராவது வேண்டும். இந்த இரண்டு கூட்டத்தையும் கலந்து கணக்குப் பார்க்கக் கூடாது. ஏலம் நடக்கும்போது போய் நிற்காதீர்கள், மத்தியானத்துக்கு மேல் தோட்டத்துக்கே போங்கள். டீக்கடையில் நாலு பேர் நடுவில் கேட்டால் பெரியவர் ஒருவர் சொல்வதற்கு மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ராயக்கோட்டை, ஓசூர் பக்கம் போனால் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள் நிறைய, அந்த மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள்.

பேச்சைத் தொடங்கும்போது ஆப் என்ற வார்த்தையே வரக் கூடாது. "தக்காளி விக்கறதுல என்னென்ன நடக்குதுன்னு தெரிஞ்சிக்க வந்திருக்கேண்ணா, எதையும் விக்க வரல" என்றால் போதும். "தினமும் விலை வந்தா நல்லா இருக்குமா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்குக் காரணமே இல்லை. அந்த ஆமாமை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதனால் "செய்வீங்களா", "பிடிக்குமா" என்று முடிகிற கேள்விகளை எல்லாம் அடித்துவிட்டு, கடைசியாக விற்ற ஒரு லோடைப் பற்றி மட்டும் கேளுங்கள். என் தாளில் பெரும்பாலும் இவைதான் இருக்கும்:

"கடைசியா என்னைக்குப் பறிச்சீங்க? அன்னைக்குப் பறிக்கணும்னு எப்ப முடிவு பண்ணீங்க?"
"அதுக்கு முன்னாடி யாருக்காச்சும் போன் பண்ணீங்களா? என்ன சொன்னாங்க?"
"எந்த மண்டிக்குப் போச்சு? ஏன் அங்க?"
"அதுக்கு முன்னாடி வேற மண்டிக்கு எப்ப போட்டீங்க? அப்ப என்ன ஆச்சு?"
"மண்டியில குடுத்த அந்தச் சீட்டு இருக்கா, பாக்கலாமா?"

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். வாயால் சொல்லும் விலை பெரும்பாலும் அந்த வாரத்தின் நல்ல விலையாக இருக்கும். சீட்டில் தக்காளிப் பெட்டி, அதாவது கிரேடு எத்தனை, கமிஷன், கூலி, முன்பணப் பிடித்தம் எல்லாம் தெரிந்துவிடும்.

ராயக்கோட்டைப் பக்கம் ஒரு விவசாயியிடம் பேசியதைச் சொல்கிறேன். அன்று அவர் அனுப்பியது 30 கிரேடு. முந்தைய நாள் சாயங்காலமே மண்டிக் கணக்குப்பிள்ளைக்குப் போன் போட்டு விலை கேட்டிருந்தார். இன்னொரு மண்டியில் கிரேடுக்கு 40 ரூபாய் கூட என்று வண்டிக்காரரும் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் 1,200 ரூபாய் கூடுதல். குட்டியானைக்கு அங்கே போக 500 ரூபாய் அதிகம் ஆகும், அது போனாலும் 700 நிற்கும். விலையும் தெரியும், லாபமும் தெரியும், ஆனாலும் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அங்க போனா இவரு அடுத்த பயிருக்குக் குடுப்பாரா தம்பி?" என்றார். நாற்றுக்கும் மருந்துக்கும் பணம் கொடுத்தவர் அந்த மண்டிக்காரர்தான். சீட்டிலும் பிடித்தம் இருந்தது. முதல் வரியும் இரண்டாவது வரியும் அவர் விஷயத்தில் நிற்கவில்லை.

இதே பதில் முன்பணம் வாங்கிய ஐந்து பேரிடமும் வந்தால் அந்தக் கூட்டத்துக்கு விலை ஆப் வேண்டாம் என்று எழுதிவிடலாம். வாங்காதவர்களின் கதை வேறாக இருக்கலாம். ஆனால் அவர்களிடமும் பறிக்கும் நாளைப் பற்றித் துருவுங்கள். பழம் சிவந்துவிட்டால் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் செடியில் வைக்க முடியாது, கூலியாட்களுக்கும் முந்தின நாளே சொல்லியிருப்பார்கள். காலை ஏலத்தில் வரும் விலையைக் காலையில் காட்டினால் அவர்களுக்கு அது பிந்திய செய்தி.

அப்புறம், இப்போது என்ன செய்து சமாளிக்கிறார்கள் என்பதைக் கேளுங்கள். தமிழக அரசின் உழவன் செயலி 2018-லிருந்து சந்தை விலையைக் காட்டுகிறது. "இருக்கா" என்று கேட்க வேண்டாம், "கடைசியா எப்ப தொறந்தீங்க, எதுக்கு" என்று கேளுங்கள். மானியத்துக்காக மட்டும் திறப்பதாகச் சொன்னால் அதுவும் ஒரு பதில்தான். விலைக்கு வாட்ஸ்அப் குழுவும் ஒரு போன் காலும் போதும் என்றால், நீங்கள் போட்டி போடப்போவது இன்னொரு ஆப்போடு அல்ல, காசே ஆகாத அந்தப் போன் காலோடு.

எழுதி வைக்கும்போது பக்கத்தை இரண்டாக மடியுங்கள். செய்தது ஒரு பக்கம், சொன்னது ஒரு பக்கம். "அரசாங்கம் விலை நிர்ணயம் பண்ணணும்" என்பது சொன்னது. "சாயங்காலம் மூணு பேருக்குப் போன் போட்டேன்" என்பது செய்தது. முடிவெடுக்கும்போது செய்த பக்கத்தை மட்டும் பாருங்கள். கூடவே ஒரு எச்சரிக்கை: கிலோ விலை நூறு ரூபாயைத் தாண்டிய 2023 ஜூலை மாதிரி மாதங்களில் எல்லோருக்கும் விலையைப் பற்றியே பேச்சாக இருக்கும், தக்காளியை ரோட்டில் கொட்டும் வாரத்தில் யாருக்கும் எந்த விலையும் கேட்கப் பிடிக்காது. இந்த இரண்டு சமயத்தில் மட்டும் பேட்டி எடுத்தால் தேவை கூடியோ குறைந்தோ தெரியும்.

பேட்டி முடியும்போது ஒன்று கேட்டுப் பாருங்கள். "ரெண்டு வாரம் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள மூணு மண்டி விலையை நானே உங்களுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பறேன். பதிலுக்கு நீங்க விக்கற நாள்ல சீட்டைப் படம் புடிச்சி அனுப்புவீங்களா?" கோடிங் எதுவும் வேண்டாம், மண்டிகளுக்கு நீங்கள் போன் போட்டால் போதும். ஒத்துக்கொண்டவர்களில் எத்தனை பேர் சீட்டு அனுப்பினார்கள், எத்தனை சீட்டில் மண்டியோ நாளோ மாறியது என்று பாருங்கள். எத்தனை சீட்டு மாறினால் ஆப் செய்வேன், எத்தனைக்குக் கீழே போனால் விட்டுவிடுவேன் என்ற எண்ணை முதல் பேட்டிக்கு முன்பே அந்தத் தாளின் அடியில் எழுதி, கூட வேலை செய்பவரிடம் காட்டி வையுங்கள்.