வெயிலில் வெந்து வெள்ளையான தலைமுடியில் இழைகளைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: கல்யாண ஆல்பத்துக்கு எடுத்த அவுட்டோர் படம். பெண்ணின் தலையில் வெயில் பட்ட இடம் மொத்தமும் ஒரே வெள்ளையாகிவிட்டது. Highlights குறைத்தால் சாம்பல் ஆகிறது, முடி தெரியவில்லை. ஃபோட்டோஷாப்பில் இதைச் சரிசெய்ய முடியுமா?

முடியும். ஆனால் பிரஷ் எடுப்பதற்கு முன், உண்மையிலேயே எவ்வளவு போயிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

ரா ஃபைல் இருந்தால் Camera Raw-வில் திறந்து, Alt விசையை அழுத்திக்கொண்டே Exposure ஸ்லைடரை இழுங்கள். திரை கறுப்பாகி, எல்லை மீறிய இடங்கள் மட்டும் தெரியும். நிறமாகத் தெரியும் இடத்தில் ஒன்றிரண்டு சேனல்தான் நிரம்பியிருக்கிறது, மற்றதில் விவரம் இருக்கும். வெள்ளையாகவே தெரியும் இடத்தில் மூன்றும் போய்விட்டன. Exposure-ஐ ஒன்றரை, இரண்டு ஸ்டாப் குறைத்தால் பெரும்பாலும் அந்த வெள்ளைத் திட்டு கணிசமாகச் சுருங்கும். படத்தை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாகத் திறந்து, New Smart Object via Copy கொடுத்து, மேல் பிரதியை மட்டும் அப்படி இருட்டாக்கி, முடி இருக்கும் இடத்துக்கு மட்டும் மாஸ்க் வழியாக வரவையுங்கள்.

ஜேபெக் மட்டும்தான் இருக்கிறதா? Channels பலகையில் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். மாலை வெயிலில் சிவப்பு முதலில் நிரம்பும், நீலம் கடைசியில். நீலத்தில் இழை தெரிந்தால் அதை நகலெடுத்து மேலே புது லேயராக ஒட்டி, Luminosity முறையில் வைத்து, மாஸ்க் போடுங்கள். நீல சேனலில் புள்ளியும் கட்டம் கட்டமான சிதைவும் அதிகம், அதனால் அரை பிக்சல் Gaussian Blur கொடுக்கலாம்.

இதற்குப் பிறகும் மிஞ்சும் வெள்ளையைத்தான் கையால் கட்ட வேண்டும். இங்கேதான் பலரும் ஒரு பிக்சல் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு நூறு கோடு இழுத்துவிடுகிறார்கள். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 24 மெகாபிக்சல் கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் உயரம் 6000 பிக்சல். இடுப்புக்கு மேல் எடுத்த படத்தில் அந்த உயரத்துக்குள் சுமார் 90 செ.மீ. அடங்கும். அப்படியென்றால் ஒரு மில்லிமீட்டருக்கு ஆறேழு பிக்சல். ஒரு முடியின் தடிமன் ஏறக்குறைய 0.07 மி.மீ., அதாவது அரை பிக்சல்கூட இல்லை. உங்கள் படத்தில் தனி முடி எங்குமே தெரியவில்லை. தெரிவதெல்லாம் சீப்பு வாரிய கற்றைகளும், அவற்றுக்கு நடுவே இருக்கும் இடுக்குகளும்தான். முகத்தை மட்டும் நெருங்கி எடுத்த படத்தில்தான் தனி இழைக்கு ஒன்றரை பிக்சல் கிடைக்கும்.

ஆகவே வெள்ளையில் காணாமல் போனது முடி அல்ல, கற்றைகளுக்கு நடுவே இருந்த நிழல். அதைத்தான் நாம் திரும்ப வரைகிறோம்.

நம் ஊர் மணப்பெண்ணையே எடுத்துக்கொள்வோம். நடுவகிடு, எண்ணெய் தடவிப் படிய வாரிய கறுப்பு முடி, பின்னால் ஜடை, அதில் மல்லிகை. வெயில் மேலிருந்து விழுவதால் உச்சியில் குறுக்காக ஒரு வெள்ளைப் பட்டை.

முதலில் அடித்தளம். புது லேயர், Multiply முறை, வெள்ளைப் பட்டை முழுவதும் மெல்லிய பழுப்பேறிய வெள்ளை, உதாரணமாக R 238, G 228, B 214. கறுப்பு முடியில் இந்தப் பளபளப்பு இழையின் மேற்பரப்பிலிருந்து தெறிக்கும் ஒளி. அதனால் அது வெயிலின் நிறத்தில்தான் இருக்கும், முடியின் நிறத்தில் இருக்காது. இங்கே பழுப்பைக் கூட்டினால் தலைக்குச் சாயம் அடித்த மாதிரி ஆகிவிடும். பட்டை கறுப்போடு சேரும் ஓரத்தில்தான் பழுப்பு வேண்டும்.

அடுத்து, கடன் வாங்குவது. அதே தலையில் வெந்துபோகாத இன்னொரு பளபளப்பு இருக்கும், பெரும்பாலும் காதுக்கு மேலே. அதை Lasso கொண்டு தாராளமாகச் சுற்றி, Ctrl+J கொடுத்து, வெள்ளைப் பட்டையின் மேல் கொண்டுவந்து, Warp மூலம் வகிட்டிலிருந்து முடி விரியும் திசைக்கு வளையுங்கள். இதையும் Multiply-யில் வைத்து, Levels-இல் Output-இன் கறுப்பு முனையை 150 வரை ஏற்றினால் கீற்றுகள் வெளிறிப் படிந்துவிடும். ஒரே துண்டைப் பக்கம் பக்கமாக ஒட்டாதீர்கள், ஒரே மாதிரி வளைவு இரண்டு இடத்தில் வந்தால் கண் உடனே பிடித்துவிடும். கடைகளில் விற்கும் ‘ஹேர் பிரஷ்’ தொகுப்புகள் எனக்குப் பிடிக்காததும் இதனால்தான்.

இப்போது கைவேலை. புது லேயர், மறுபடி Multiply. பிரஷ் 3 முதல் 6 பிக்சல், Shape Dynamics-இல் Pen Pressure, Opacity 40% போல. நிறத்தைப் பட்டையின் ஓரத்திலிருந்தே Alt அழுத்தி எடுங்கள், R 120, G 95, B 75 போன்ற ஒரு பழுப்பு கிடைக்கும். கறுப்பை எடுத்தால் பேனாவால் கிறுக்கியது போல் இருக்கும். ஏற்கெனவே தெரியும் ஓர் இடுக்கில் தொடங்கி, அது போகும் திசையிலேயே வெள்ளைக்குள் இழுத்து, பாதி வழியில் தானாகத் தேய்ந்து மறையும்படி விடுங்கள். மேலிருந்து சில, கீழிருந்து சில, எல்லாம் வெவ்வேறு நீளத்தில். ஒன்றிரண்டு மட்டும் பட்டையைக் கடந்து போகட்டும். பட்டையின் நடுவில் கொஞ்சம் வெள்ளை அப்படியே இருக்க வேண்டும். அதையும் மூடினால் முடி மங்கி, வெயில் போய்விடும். டேப்லெட் இல்லையென்றால் Pen Tool-ஆல் பாதை போட்டு, Stroke Path-இல் Simulate Pressure தேர்ந்தெடுங்கள், இரண்டு முனையும் மெலிந்து வரும்.

மல்லிகையில் ஓர் எச்சரிக்கை. பூவும் வெந்துபோய், பக்கத்திலிருக்கும் முடியும் வெந்துபோயிருந்தால் இரண்டும் ஒரே திட்டாகிவிடும். அங்கே கற்றை வரைவதற்கு முன்பே பூவின் விளிம்பைத் தனியாகப் பிரித்து மாஸ்க் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் இதழ் மேல் முடி முளைக்கும்.

சூரியன் பின்னால் இருந்து, தலையைச் சுற்றி வெள்ளை விளிம்பு விழுந்த படமென்றால் அந்த விளிம்பை நான் தொட மாட்டேன். பின்னணி வானமும் வெந்திருந்தால் தலையின் எல்லையே பதிவாகவில்லை. அங்கே வரைவதெல்லாம் கற்பனை, பார்த்தாலும் ஒட்டியது போலத்தான் இருக்கும்.

வேலையை 200% பெரிதாக்கிச் செய்யுங்கள், ஆனால் 50%-இல் வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். மேலே ஒரு Curves லேயர் போட்டு நடுப்பகுதியை நன்றாகக் கீழே இழுத்தால், வெளிச்சப் பகுதியில் கண்ணுக்குத் தப்பிய ஒட்டுகளெல்லாம் திட்டுத் திட்டாகத் தெரியும். திருத்திவிட்டு அந்த லேயரை அழித்துவிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் வரைந்த இடம் வழவழவென்று இருக்கும், சுற்றியுள்ள முடியில் சென்சாரின் புள்ளிகள் இருக்கும். 50% சாம்பல் நிரப்பிய லேயரை Overlay முறையில் வைத்து, Add Noise-இல் Gaussian, Monochromatic, ஒன்றிரண்டு சதவீதம் கொடுத்து, அந்த இடத்துக்கு மட்டும் மாஸ்க் போடுங்கள். உச்சி ஃபோகஸுக்கு வெளியே போயிருந்தால், புள்ளி சேர்ப்பதற்கு முன் வரைந்த கீற்றுகளையும் ஒரு பிக்சல் அளவுக்கு மங்கலாக்கிவிடுங்கள்.