பக்கத்துச் சாறிக்கடையோடு கூட்டு: எப்படிக் கேட்பது?

"வெள்ளவத்தையில் சின்னத் தையல்கடை வைத்திருக்கிறேன். பக்கத்துச் சாறிக்கடையோடு சேர்ந்து செய்ய எப்படிக் கேட்பது?"

கமிஷனில் பேச்சைத் தொடங்காதீர்கள். சாறி பிடித்தும், பிளவுஸ் எப்போது தைத்து முடியுமோ என்று தயங்குபவர்கள் அங்கே நிச்சயம் இருப்பார்கள். கூட்டமில்லாத காலையில் போய், "அண்ணை, உங்கட சாறிக்கு 4 நாளில பிளவுஸ் தைச்சுத் தாறன். என்னட்ட வாறவைய லைனிங் துணிக்கு உங்களிட்ட அனுப்புறன். 2 கிழமை, 10 பிளவுஸ் மட்டும் பாப்பம்" என்று கேளுங்கள்.

சாறிக்கடை முத்திரை குத்திய கடதாசித் துண்டோடு வருபவர்களை மட்டும் கொப்பியில் பதியுங்கள். இல்லாவிட்டால் யார் அனுப்பிய ஆள் என்று பிறகு இழுபறிதான். அளவு பிழைத்தால் திருத்தும் செலவு உங்களுடையது என்று முதலே சொல்லிவிடுங்கள். தீபாவளி நெருக்கத்தில் மட்டும் வேண்டாம். நீங்கள் பிந்தினால் ஏச்சு சாறிக்கடைக்காரருக்குத்தான் விழும்.