கண் அசரும்போது தூக்கிவாரிப் போடுகிறதா?

கேள்வி: இரவில் கண்ணை மூடினாலே இப்படியே போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது. தூக்கம் பிடிக்கிற நேரத்தில் உடம்பு தூக்கிவாரிப் போடுகிறது. எழுந்து உட்கார்ந்து நாடியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இ.சி.ஜி., எக்கோ எல்லாம் நார்மல் என்கிறார்கள். இதிலிருந்து எப்படி வெளியே வருவது?

பதில்:

நான் டாக்டர் இல்லை. தூக்க ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். அடுத்த அறையில் ஒருவர் தூங்குவதை இரவு முழுக்கத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. உங்களைப் போன்ற பயத்தோடு வந்து படுத்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் என் மனைவியின் தம்பியும் ஒருவர். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அவர் வயதையொத்த சக ஊழியர் ஒருவர் தூக்கத்திலேயே இறந்துபோனார். அந்தச் செய்தி வந்த வாரத்தில் ஆரம்பித்தது இவருக்கு. முதலில் படுத்ததும் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். பிறகு ஸ்மார்ட் வாட்ச் வாங்கினார். அது ஒரு நாள் விடியற்காலைத் துடிப்பு 48 என்று காட்ட, இதயம் நிற்கப் போகிறது என்று முடிவுகட்டிவிட்டார். கடைசியில், "நான் தூங்கினதும் மூச்சு வருதான்னு பாரு" என்று மனைவியையும் காவலுக்கு உட்கார வைத்தார். இதய மருத்துவர் எல்லாம் சரி என்று சொன்ன பிறகும் அடங்காமல் எங்கள் கூடத்துக்கு வந்தார்.

தலையில் மின்வாய்கள், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டைகள், மூக்கடியில் ஒரு குழாய், விரலில் ஆக்சிஜன் கிளிப். காலையில் பதிவை அவருக்குப் போட்டுக் காட்டினேன். தூக்கம் பிடிக்கும் இடத்தில் மூளை அலை மாறுகிறது. மூச்சின் ஏற்ற இறக்கம் சிறுத்துப்போய், சில விநாடிகள் கோடு ஏறக்குறைய தட்டையாகிறது. உடனே கால் தசையில் ஒரு வெட்டு, துடிப்பு எகிறுகிறது, ஆள் விழித்துவிட்டார்.

"பாத்தீங்களா மச்சான், இந்த இடத்துல மூச்சு நின்னுபோச்சு. அதான் என்னைத் தூக்கிப் போட்டுச்சு."

"இல்ல. இது எல்லாருக்கும் வர்றதுதான். என்னைப் படுக்க வெச்சாலும் இதே கோடு வரும்."

அது சமாதானத்துக்குச் சொன்னதல்ல. விழித்திருக்கும்போது மூச்சு ஓரளவு நம் கவனத்தாலும் பேச்சாலும் அசைவாலும் ஆடுகிறது. தூங்கத் தொடங்கியதும் அந்தப் பொறுப்பு முழுக்க மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் முகுளத்துக்குப் போகிறது. அது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்து மூச்சை இழுக்கும். கைமாறுகிற அந்தச் சில நிமிடங்களில் மூச்சு சீராக இருக்காது. சின்னச் சின்ன இடைவெளி விழும். பத்து விநாடிக்குக் குறைந்தால் நாங்கள் அதை மூச்சுத்தடை என்று கணக்கிலேயே எடுப்பதில்லை. தசை வெட்டு தனி விஷயம், ஆனால் அதுவும் அதே நேரத்தில் வருவது. தூக்கம் கெட்ட நாளிலும், காபி அதிகமான நாளிலும், மனம் பதைத்த நாளிலும் கூடுதலாக வரும். துடிப்பு 50-க்கு அருகில் இறங்குவதும் ஆரோக்கியமானவர்களுக்கு ஆழ்ந்த தூக்கத்தில் சாதாரணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உண்மையிலேயே தொண்டை அடைத்து, ஒரே இரவில் நூற்றுக்கணக்கான முறை மூச்சு தடைபடுகிறவர்களும் எங்களிடம் வருகிறார்கள். ஒவ்வொரு முறையும் கார்பன் டை ஆக்சைடு ஏற ஏற, மூளை அவர்களைச் சற்றே எழுப்பி மூச்சை இழுக்க வைக்கிறது. காலையில் கேட்டால் பலருக்கு அது நினைவிலேயே இருக்காது. அது சிகிச்சை தேவைப்படும் நோய்தான், விட்டுவைக்கக் கூடாது. ஆனால் மூச்சு விட நீங்கள் விழித்திருந்து நினைவுபடுத்த வேண்டியதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் பார்த்ததில்லை.

அந்த நோய்க்கு வேறு அடையாளங்கள் உண்டு: மற்றவர்கள் கவனிக்கும் அளவுக்குப் பலத்த குறட்டை, திணறி எழுவது, காலையில் தலைவலி, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குவது. இவை இருந்தால் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மயங்கி விழுந்திருந்தாலோ, வீட்டில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தாலோ, மட்டமாகப் படுத்தால் மூச்சுத் திணறினாலோ அதை இதய மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நெஞ்சை அழுத்தும் வலி கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தால், அது பயமா வேறா என்று ஆராய வேண்டாம், அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். இவை எதுவும் இல்லை, மருத்துவரும் ஒரு முறை முழுதாகப் பார்த்துவிட்டார் என்றால், திரும்பத் திரும்ப எடுக்கும் இ.சி.ஜி. உங்களுக்கு உதவாது.

ஏன் உதவாது என்பதை மைத்துனரிடமே பார்த்தேன். எங்கள் ரிப்போர்ட் நார்மல் என்றதும் அவர் முகம் தெளிந்தது. சில நாட்களில் போன் வந்தது. "அன்னிக்கு ராத்திரி நல்லா இருந்திருக்கலாம் மச்சான், இன்னிக்கு?" இந்தக் கேள்வியை எந்த ரிப்போர்ட்டாலும் அடைக்க முடியாது. நாடியைப் பார்த்ததும் ஒரு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதி, 'பார்த்ததால் தப்பித்தோம்' என்று மூளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறது. மறுநாள் பார்க்காமல் இருப்பது இன்னும் கடினமாகிறது. போதாக்குறைக்கு, பயத்தோடு தேடினால் துடிப்பு எகிறத்தான் செய்யும். இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் இதயம் விலாவோடு நெருங்கி இன்னும் பலமாகத் தெரியும். தலையணையில் அழுந்திய காதில் துடிப்பு டம் டம் என்று கேட்கும். தேடுகிறவருக்கு இரவில் சான்றுக்குப் பஞ்சமே இல்லை.

பிறகு அவர் உளவியலாளர் ஒருவரிடம் போனார். அங்கே செய்தது, காவலை ஒவ்வொன்றாகக் கழற்றியதுதான். முதலில் வாட்ச். தூங்கும்போது அது வேறு அறையில் சார்ஜில் கிடக்க வேண்டும். அடுத்து நாடி. தொட்டுப் பார்க்கத் தோன்றினால் பத்து நிமிடம் தள்ளிப்போட வேண்டும், பிறகு இருபது. தள்ளிப்போட்ட நேரத்தில் அந்தத் தவிப்பு ஏறி, தானாகவே இறங்குவதைக் கவனிப்பதுதான் வேலை. மனைவிக்கும் ஒரு வாக்கியம் முடிவானது. அவர் கேட்டால், "இது அந்தப் பயம், நான் பதில் சொல்ல மாட்டேன்" என்பாள். முதல் இரவுகளில் இதனால் சண்டையே வந்தது.

கடைசியாக ஒரு நோட்டு. படுக்கும் முன், 'இன்று இரவு இறந்துவிடுவேன்' என்பதை எத்தனை சதவீதம் நம்புகிறேன் என்று எழுத வேண்டும். ஆரம்பத்தில் 80, 70 என்று எழுதியவர், வாரங்கள் போகப்போக 10-க்குக் கீழே எழுதினார். பூஜ்யம் எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அது முக்கியம். யாருக்குமே பூஜ்யம் கிடையாது. அந்த மிச்சத்தோடு படுத்துத் தூங்கப் பழகுவதுதான் சிகிச்சை.

நடுவில் ஒரு சறுக்கல். வாட்சை விட்டவர் மூச்சை எண்ண ஆரம்பித்தார். நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு என்று எங்கோ படித்தது. மெதுவாக மூச்சு விடுவது நல்லதுதான். ஆனால் எண்ணாவிட்டால் மூச்சு நின்றுவிடும் என்று நினைத்தால், அது வாட்சின் இடத்தில் வந்து உட்கார்ந்த இன்னொரு காவல். உங்களுக்கும் இது நடக்கலாம். நீங்கள் செய்யும் எதையும் இப்படிச் சோதித்துப் பாருங்கள்: இன்று இதைச் செய்யாமல் படுத்தால் பதறுகிறதா? பதறினால் அடுத்துக் கழற்ற வேண்டியது அதுதான்.

தூக்கம் பிடிக்காத நேரத்துக்கு அவருக்குச் சொல்லப்பட்ட வழி விசித்திரமாக இருக்கும். இருட்டில் கண்ணைத் திறந்துகொண்டு, தூங்க முயலாமல், இன்னும் கொஞ்ச நேரம் விழித்திருப்போம் என்று சும்மா கிடப்பது. தூங்கியாக வேண்டும் என்ற கெடுபிடி போனால் தூக்கம் வர இடம் கிடைக்கிறது. இருபது நிமிடம் போல ஆகியும் புரண்டுகொண்டே இருந்தால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் எதையாவது படித்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்பலாம். போனில் அறிகுறிகளைத் தேடக் கூடாது. என்னைக் கேட்டால் இந்தப் பழக்கம் நாடி பார்ப்பதைவிட மோசம். அதனிடம் ஒரு பயத்தோடு போனால் மூன்றைக் கொடுத்து அனுப்பும்.

சிலருக்குத் தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் திடுக்கென்று விழிப்பு வரும். கனவு எதுவும் இருக்காது. நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், செத்தோம் என்று தோன்றும். இது தூக்கத்திலிருந்து கிளம்பும் பேனிக் அட்டாக். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கிவிடும். அப்போது பெரிது பெரிதாக மூச்சு இழுக்காதீர்கள். அளவுக்கு மீறி இழுத்தால் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, விரல் நுனியும் உதடும் மரத்துப்போகும், தலை கிறுகிறுக்கும். அதையே பக்கவாதம் என்று நினைத்துப் பயம் இரட்டிப்பாகும். எழுந்து உட்கார்ந்து, சாதாரண மூச்சு விட்டு, ஏறுவதை ஏற விடுங்கள். மனதை அமைதிப்படுத்த முயலவே வேண்டாம்.

இதைத் தனியாகச் செய்து பார்த்தும் சில வாரங்களில் அசையவில்லை என்றால், அல்லது பகலிலும் வேலை ஓடவில்லை, வாழ்க்கையே வெறுத்துப்போகிறது என்றால் மனநல மருத்துவரிடம் போங்கள். பதற்றத்துக்கு வழக்கமாக முதலில் எழுதும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். ஆரம்ப நாட்களில் சிலருக்குப் படபடப்பு சற்றுக் கூடலாம், அதைத் தெரிந்துகொண்டு தொடங்கினால் பாதியில் நிறுத்த மாட்டீர்கள். தூக்க மாத்திரையை மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். ஒரு பெக் போட்டால் தூக்கம் வரும் என்பவரையும் நம்ப வேண்டாம். மது பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்துப் படபடப்போடு எழுப்பும். குறட்டைக்காரராக இருந்தால் மதுவும் தூக்க மாத்திரையும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தி மூச்சுத்தடையைக் கூட்டலாம்.