10,000 ரூபாய் மாணவர் ஆய்வு நிதி: விண்ணப்ப அறிக்கையை எப்படி எழுதுவது?

கேள்வி: "பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு, சேலம். துறை வழியாக 10,000 ரூபாய் ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்கிறோம், இரண்டு பேர். 'சேலம் மாவட்ட நிலத்தடி நீரின் தரம்' என்று தலைப்பு கொடுத்தோம். ரொம்பப் பெரிசு, கேள்வி, முறை, செலவு, கால அட்டவணை நாலையும் இரண்டு பக்கத்தில் எளிய நடையில் எழுதி வாருங்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எங்கே ஆரம்பிப்பது?"

பதில்:

'தரம்' என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுங்கள். தரம் என்றால் இருபது அளவீடுகள் வரும், 10,000 ரூபாயில் இரண்டைக்கூட ஒழுங்காகச் செய்ய முடியாது. உங்கள் ஊரில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒன்று இருக்கிறது. ஏற்காடு போகிற வழியில் தெரியும் வெள்ளைக்கல் சுரங்கங்களைத்தான் சொல்கிறேன். அந்தக் கரடுகளில் டியூனைட் பாறைக்குள் மேக்னசைட் நரம்பு நரம்பாக ஓடுகிறது. இரண்டிலும் மக்னீசியம் நிறைய. மழைநீர் அதன் வழியாக இறங்கினால் கிணற்று நீரின் கடினத்தன்மையில் மக்னீசியத்தின் பங்கு கூட வேண்டும். சுரங்கத்தை விட்டுத் தள்ளிப் போகப் போக அந்தப் பங்கு குறைகிறதா? பதில் 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ வரக்கூடிய கேள்வி இது. பியூரெட்டை வைத்தே அளந்துவிடலாம்.

அறிக்கையில் கேள்விப் பகுதியை இப்படி எழுதலாம்: "சேலம் வெள்ளைக்கல் சுரங்கங்களிலிருந்து 2 கி.மீ.க்குள் உள்ள ஆழ்துளைக் கிணறுகளில், மொத்தக் கடினத்தன்மையில் மக்னீசியத்தின் பங்கு, 10 முதல் 12 கி.மீ. தொலைவில் உள்ள கிணறுகளைவிட அதிகமா? இடையில் 4 முதல் 6 கி.மீ. தொலைவில் எவ்வளவு? வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகும் அந்த வேறுபாடு நிற்கிறதா?" மூன்றே வாக்கியம் போதும். 'நீரின் முக்கியத்துவம்' பற்றி முன்னுரை வேண்டாம்.

மொத்தக் கடினத்தன்மையை விட்டுவிட்டு ஏன் பங்கைக் கேட்கிறோம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மழை பெய்தால் நீர் கலந்து எல்லாமே குறையும், வெயிலில் எல்லாமே கூடும். பங்கு அந்த அளவுக்கு ஆடாது. கற்பனை எண்களில் பார்ப்போம். சுரங்கத்துக்கு அருகே ஒரு கிணறு, 25 மி.லி. நீருக்கு 0.01 மோலார் ஈடிடிஏ 14.5 மி.லி. இறங்குகிறது. 40 ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 580 மி.கி., கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டு. கால்சியத்துக்கு மட்டும் 3.0 மி.லி., அதாவது 120. மீதி 460 மக்னீசியத்தால் வந்தது, பங்கு 79 சதவீதம். தொலைவில் உள்ள கிணற்றில் 11.0 மி.லி.யும் 6.0 மி.லி.யும் என்றால் 440, 240, மீதி 200, பங்கு 45 சதவீதம். மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, பங்கில் இருக்கிறது. இந்த மாதிரிக் கணக்கை அறிக்கையிலேயே போடுங்கள். படிப்பவர் வேறு துறைக்காரராக இருந்தாலும் நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்று அவருக்கு உடனே புரியும்.

அடுத்தது முறை. மேலே சொன்ன மூன்று தொலைவுகளையும் மூன்று வளையங்களாக வைத்து, வளையத்துக்கு எட்டு என 24 கிணறுகள், மழைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு சுற்று. தொலைவைச் செயற்கைக்கோள் வரைபடத்தில் அருகிலுள்ள சுரங்கக் குழியின் விளிம்பிலிருந்து அளக்கப் போவதாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் '2 கி.மீ.' எதிலிருந்து என்று கேட்பார்கள். திருமணிமுத்தாற்றின் ஓரத்தையும் சாக்கடை ஓரத்தையும் தவிர்ப்பதாக எழுதுங்கள், கழிவுநீரும் கடினத்தன்மையைக் கூட்டும். திறந்த கிணறும் ஆழ்துளையும் கலக்க வேண்டாம். ஒவ்வொன்றின் ஆழத்தையும் உரிமையாளரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, குழாயில் நின்ற பழைய நீர் போன பிறகு, 500 மி.லி. பாட்டிலைக் காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றே டைட்ரேட் செய்ய வேண்டும். எடுத்த நீரை நெடுநேரம் வைத்திருந்தால் கார்பனேட் படிந்து கால்சியம் குறைவாகக் காட்டும்.

மொத்தக் கடினத்தன்மைக்கு அம்மோனியா பஃபரில் பிஹெச் 10 வைத்து எரியோகுரோம் பிளாக் டி. நிறம் ஒயின் சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறும். பஃபர் ஊற்றிய ஐந்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். காட்டியைக் கரைசலாக வைத்தால் சீக்கிரம் கெட்டு நிறமாற்றம் மங்கும், உப்போடு சேர்த்து அரைத்த பொடியாக வைத்துக்கொள்ளுங்கள். கால்சியத்துக்கு சோடியம் ஹைட்ராக்சைடு போட்டு பிஹெச் 12க்கு மேல் ஏற்றி மியூரெக்சைடு. மக்னீசியம் ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும், ஈடிடிஏ கால்சியத்தை மட்டும் பிடிக்கும். இளஞ்சிவப்பு ஊதாவாகும்போது நிறுத்த வேண்டும்.

இந்தக் கடைசிப் படியில்தான் உங்கள் ஆய்வு கவிழக்கூடிய இடம் இருக்கிறது. மக்னீசியம் அதிகமான நீரில் அந்த வெள்ளை வீழ்படிவு தடிப்பாக வரும். அது காட்டியின் நிறத்தையும் கொஞ்சம் கால்சியத்தையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். கால்சியம் குறைவாகப் பதிவானால் மக்னீசியத்தின் பங்கு தானாகக் கூடிவிடும். அதுவும் சுரங்கத்துக்கு அருகிலுள்ள கிணறுகளில்தான் இந்தப் பிழை அதிகம். நீங்கள் எதிர்பார்க்கும் விடையின் பக்கமே சாயும் பிழை என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. தெரிந்த கலவையில் இதை முதலிலேயே சோதிப்பதாக எழுதுங்கள். 0.100 கிராம் கால்சியம் கார்பனேட்டைச் சில சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, 0.986 கிராம் மக்னீசியம் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட் சேர்த்து ஒரு லிட்டர் ஆக்கினால் மொத்தம் 500, கால்சியம் 100, பங்கு 80 சதவீதம். 25 மி.லி.க்குக் கால்சியம் டைட்ரேஷனில் 2.5 மி.லி. வர வேண்டும். 2.0 வந்தால் பங்கு 84 என்று காட்டும், கால்சியத்தில் ஐந்தில் ஒரு பங்கு வீழ்படிவோடு போய்விட்டது என்று அர்த்தம். மாதிரியை வடிநீரால் 100 மி.லி. ஆக்கி, ஹைட்ராக்சைடு போட்டவுடனே டைட்ரேட் செய்து 2.5 வருகிறதா என்று பாருங்கள். இவ்வளவு சின்ன அளவை 50 மி.லி. பியூரெட்டில் படிக்காமல் 10 மி.லி. பியூரெட்டில் படியுங்கள். விண்ணப்பத்தில் இந்த ஒரு பத்தி இருந்தால், செய்யத் தெரிந்தவர்கள் கேட்கிறார்கள் என்று மதிப்பீட்டாளருக்குத் தெரிந்துவிடும்.

செலவைக் கடைப் பட்டியலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். கிணற்று எண்ணிக்கையிலிருந்து ஆரம்பியுங்கள். 24 கிணறு, 2 சுற்று, 48 மாதிரி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வகை டைட்ரேஷன், மூன்று முறை, ஆக 288. ஒன்றுக்குச் சராசரி 10 மி.லி. என்று வைத்தால் 2.9 லிட்டர் ஈடிடிஏ, சோதனைக்கும் வீணாவதற்கும் சேர்த்து 4 லிட்டர். லிட்டருக்கு 3.723 கிராம் டைசோடியம் உப்பு, மொத்தம் 15 கிராம்கூட இல்லை. 100 கிராம் பாட்டில் போதும், 500 கிராம் கேட்டால் கணக்குப் போடவில்லை என்று தெரிந்துவிடும்.

அந்தக் கணக்கின்படி ஒரு மாதிரிப் பட்டியல். வேதிப்பொருள்கள் எல்லாம் சேர்த்து 3,000. வடிநீர் 20 லிட்டர், பிஹெச் தாள் 800. பாட்டில் 60, தலா 12 ரூபாய், 720. ஐஸ் பெட்டியும் ஐஸும் 780. பெட்ரோல் 900. நான்கு மாதிரிகளை அங்கீகாரம் பெற்ற வெளி ஆய்வகத்தில் சரிபார்க்கத் தலா 800, ஆக 3,200. அறிக்கை அச்சு, பைண்டிங் 600. கூட்டினால் 10,000. விலைகளை நான் உதாரணத்துக்குப் போட்டிருக்கிறேன். செவ்வாய்ப்பேட்டையிலோ வேறெங்கோ நீங்கள் வாங்கும் கடையில் எழுத்தில் விலைப்பட்டியல் வாங்கி, ஜிஎஸ்டி சேர்ந்த விலையா என்று கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பியூரெட், கூம்புக் குடுவை, தராசு கல்லூரியில் இருப்பதாக ஒரு வரி எழுதுங்கள். வெளி ஆய்வகச் செலவு பெரிதாகத் தெரியும், அதை வெட்டச் சொல்வார்கள். வெட்டாதீர்கள். மேலே சொன்ன கால்சியம் பிழைக்கு வெளியிலிருந்து கிடைக்கும் ஒரே சாட்சி அதுதான். நான்கில் மூன்றைச் சுரங்கத்துக்கு அருகிலுள்ள கிணறுகளிலிருந்து எடுங்கள்.

பெட்ரோலுக்கும் ஒரு காரணம் எழுத வேண்டும். முதல் நாள் பக்கத்துக் கிணறு எட்டும், மூன்றாம் நாள் தூரத்துக் கிணறு எட்டும் எடுத்தால் வண்டிக்குச் செலவு குறையும்தான். ஆனால் ஈடிடிஏயின் திறன் நடுவில் கொஞ்சம் மாறியிருந்தால் அது தொலைவால் வந்த வித்தியாசம் போலவே தெரியும். அதனால் ஒவ்வொரு நாளும் மூன்று வளையத்திலிருந்தும் கலந்து எட்டு கிணறு எடுங்கள். ஒரு நாளைக்குச் சுமார் 60 கி.மீ., ஆறு நாள், 360 கி.மீ., லிட்டருக்கு 40 கி.மீ. ஓடும் வண்டிக்கு 9 லிட்டர். தினமும் காலையில் லிட்டருக்கு 1.000 கிராம் கால்சியம் கார்பனேட் உள்ள திட்டக் கரைசலில் 10 மி.லி. எடுத்து ஈடிடிஏயைச் சரிபாருங்கள், 10 மி.லி. வர வேண்டும்.

எட்டு என்ற எண்ணும் நேரத்தால் வந்தது. எட்டு மாதிரிக்கு 48 டைட்ரேஷன், இரண்டு பியூரெட்டில் ஆளுக்கு 24, ஒன்றுக்கு ஆறு நிமிடம், கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம். காலையில் நீர் எடுத்தால் மாலை ஆய்வகம் பூட்டுவதற்குள் முடியும்.

கால அட்டவணையில் ஆகஸ்டில் கிணறு தேர்வும் கலவைச் சோதனையும், செப்டம்பரில் மூன்று நாள் முதல் சுற்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பருவமழையும் செமஸ்டர் தேர்வும், அப்போது கணக்கு மட்டும். பொங்கல் கழிந்து இரண்டாம் சுற்று, பிப்ரவரியில் எழுதுவது, மார்ச்சில் ஒப்படைப்பு. பணம் தாமதமாக வரும் என்று வைத்துக்கொண்டே போடுங்கள். கலவைச் சோதனைக்குத் துறையில் இருக்கும் பொருள்களே போதும், அது பணத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். செப்டம்பர் தவறிப்போனால் ஒரு சுற்றை விட்டுவிட்டு ஜனவரியில் 24 கிணறுகளையும் முழுதாக எடுப்போம் என்று இப்போதே எழுதிவிடுங்கள். சுற்று போனால் மழை பற்றிய கேள்வி மட்டும் போகும். கிணறுகளைப் பாதியாக்கினால் தொலைவு பற்றிய முதல் கேள்வியே ஆட்டம் காணும்.

செட்டிச்சாவடியிலோ குரும்பப்பட்டியிலோ நீர் எடுக்கும்போது "குடிக்கலாமா?" என்று கேட்பார்கள். அறிக்கையில் கிணறுகளுக்குக் குறியீட்டு எண்தான், ஆள் பெயர் வேண்டாம். உரிமையாளருக்கு மட்டும் ஒரு துண்டுத்தாளில் அவர் கிணற்றின் அளவையும், பக்கத்தில் குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 சொல்லும் எல்லைகளையும் லிட்டருக்கு மி.கி. கணக்கில் எழுதிக் கொடுங்கள்: மொத்தக் கடினத்தன்மை 200, மாற்று நீர் இல்லாவிட்டால் 600 வரை. மக்னீசியம் 30, அதேபோல் 100 வரை. உங்கள் மக்னீசியக் கடினத்தன்மையை 0.243 ஆல் பெருக்கினால் மக்னீசியம் கிடைக்கும், 460க்கு 112. நுண்ணுயிரியோ நைட்ரேட்டோ பார்க்கவில்லை என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.